மலைக்கென்று ஓர் இனம் இல்லை: பள்ளி அறிவியல் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சிக் குழுவிலுள்ள ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மதுரையில் நீங்கள் நடத்திய கண்காட்சிக்கு இரண்டு நாளும் வந்திருந்தேன். முப்பது ஆண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் செய்திருந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். பெரும்பாலானவை நன்றாக இருந்தன. உயிரியல் கூடத்தில் நீங்களே வைத்திருந்த ஒரு பதாகையைப் பற்றித்தான் இந்த மடல்.

'மனித இனங்களும் உடல் தகுதியும்' என்று அதற்குத் தலைப்பு. நான்கு கட்டங்கள், நான்கு இனங்கள். 'மங்கோலிய இனம்: உயரமான மலைகளில் வாழ ஏற்ற உடலமைப்பு கொண்டது' என்று ஒரு கட்டம் சொன்னது. கீழே, நம் ஊர் உதாரணம் வேண்டும் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது, பழனி மலையிலுள்ள பளியர் குடும்பம் ஒன்றின் படத்தைப் போட்டு 'மலை இனம்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முன்னால் நின்று அதை வாசித்துக்கொண்டிருந்த மாணவி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள். திரும்பி என்னிடம், "டீச்சர், எங்க ரத்தம் வேற மாதிரியா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, இரண்டு வரியில் காரணமும் சொன்னேன். இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. அவளுக்குத் தர வேண்டிய முழுப் பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் உயரம் உடலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மலையில் ஆக்சிஜனின் பங்கு குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். பங்கு எங்கும் ஒன்றுதான், ஏறக்குறைய 21 விழுக்காடு. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜனும் குறைகிறது. 4,000 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். உடலுக்கு இது உண்மையில் நெருக்கடியாவது சுமார் 2,500 மீட்டருக்கு மேலே. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். பளியர் ஊர்கள் பெரும்பாலும் அதற்கும் கீழே சரிவுகளில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆக, உயரத்துக்கான மரபணு மாற்றத்தை நம் மலைகளில் தேடுவதற்கே முகாந்திரம் இல்லை. அந்தப் படம் பதாகையில் இருக்க எந்த அறிவியல் காரணமும் கிடையாது.

அடுத்து, பதாகை இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டது. ஓர் ஆள் மலைக்குப் போய்ப் பழகிக்கொள்வது ஒன்று. ஒரு மக்கள்கூட்டம் பல நூறு தலைமுறைகளில் மாறுவது வேறொன்று. முதலாவதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் அண்ணன் மகன் ராணுவத்தில் இருக்கிறான். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். முதன்முறையாக லடாக்கிலுள்ள லேவுக்குப் போனபோது, "தலையைப் பிளக்குது அத்தை, தூக்கமே வரலை" என்று போனில் சொன்னான். அங்கே 3,500 மீட்டர். வந்து இறங்கியவர்களை முதல் சில நாள் ஓய்வாக வைத்து, அப்புறம்தான் படிப்படியாக வேலை கொடுப்பார்களாம். பல மாதம் கழித்து விடுப்பில் வந்தவனுக்கு வேறு எதற்கோ ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 18-ஐத் தாண்டியிருந்தது. போகும்போது 14 சொச்சம். சோதனைக்கூடத்துப் பையன் இயந்திரம் தவறோ என்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தான். விடுப்பு முடியும் முன்பே அது இறங்க ஆரம்பித்துவிட்டது.

அந்த ஏற்றத்துக்குக் காரணம் சிறுநீரகம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அது உணர்கிறது. உணர்வது எப்படி என்றால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை செல்லுக்குள் ஹிஃப் என்ற புரதம் உருவானவுடனே அடையாளம் குத்தப்பட்டு அழிக்கப்பட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் குத்துகிற நொதி சரியாக வேலை செய்யாது. ஹிஃப் தேங்கும். தேங்கிய ஹிஃப், எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்யும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், இன்னும் சிவப்பணு உண்டாக்கு என்று சொல்லும். இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்க்ளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. உசிலம்பட்டிக்காரனுக்கும் டென்மார்க்காரனுக்கும் இந்த ஏற்பாடு ஒன்றுதான்.

ஆனால் இது சில வாரத்துக்கான ஏற்பாடு. சிவப்பணு கூடக் கூட ரத்தம் பாகு போலக் கெட்டியாகும். சர்க்கரைப் பாகைக் கம்பிப் பதத்தில் உறிஞ்சு குழாயில் இழுத்துப் பார்த்தால் தெரியும், இதயம் படும் பாடு. மெல்லிய நாளங்களில் ரத்தம் ஊர்ந்துதான் போகும், உறையவும் வாய்ப்பு அதிகம். வாழ்நாள் முழுக்க மலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு நோயாகவே மாறுகிறது. பெருநாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925-இல் விவரித்த நாள்பட்ட மலைநோய் அது. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 21-ஐயும் பெண்களுக்கு 19-ஐயும் எட்டுவது அதன் முக்கிய அடையாளம். தலைவலி, மூச்சுத்திணறல், நீலம் பாய்ந்த உதடு, கடைசியில் இதயச் செயலிழப்பு வரை போகும்.

இனி உங்கள் 'மங்கோலிய இன'த்துக்கு வருகிறேன். மலைக்கு ஏற்ற உடல் என்றால் ரத்தம் அதிகமாக, வலுவாக இருக்கும் என்பது நம் எதிர்பார்ப்பு. திபெத்தியர்களிடம் பார்த்தது இதற்கு நேர்மாறு. சிந்தியா பீல் என்ற மானுடவியலாளரின் குழு, 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் வாழும் திபெத்திய ஆண்களையும் பொலிவியாவின் அய்மாரா ஆண்களையும் ஒப்பிட்டது. அய்மாராக்களின் சராசரி ஹீமோகுளோபின் 19.2. திபெத்தியர்களுக்கு 15.6. அதாவது நம் மதுரையில் ஆரோக்கியமான ஆண் ஒருவருக்கு இருக்கும் அளவேதான். அவர்கள் ரத்தத்தைக் கெட்டியாக்காமல் வேறு வழியில் சமாளிக்கிறார்கள். மூச்சை வேகமாக எடுக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடை அதிகம் உண்டாக்கி, நாளங்களை விரித்து, நீர்த்த ரத்தத்தையே கூடுதலாக ஓட விடுகிறார்கள். கருவுற்ற பெண்ணின் கருப்பைக்குப் போகும் ரத்தமும் குறையாமல் இருப்பதால் குழந்தைகள் நல்ல எடையோடு பிறக்கின்றன. இயற்கைத் தேர்வு நடப்பது அங்கேதான். பிறந்து, பிழைத்து, தானும் பிள்ளை பெறுகிறவர்களின் மரபணுதான் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

இது மரபணுவில் எங்கே எழுதியிருக்கிறது என்பதை 2010-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்தன. அதில் ஒன்று எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பதாகையின் தவறு எங்கே என்று அதில்தான் தெளிவாகத் தெரியும்.

4,300 மீட்டருக்கு மேலுள்ள இரண்டு திபெத்திய ஊர்களில் 50 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அவர்களின் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் அனைத்தையும் படித்தார்கள். பெய்ஜிங்கின் ஹான் சீனர்கள் 40 பேருடைய தகவலுடன் ஒப்பிட்டார்கள். இரண்டு கூட்டமும் நெருங்கிய சொந்தம். அதனால் பெரும்பாலான மரபணுக்களில் வேறுபாடு மிகச் சிறியது. எங்காவது பெரிய வேறுபாடு தெரிந்தால், மாறியது திபெத்தியரா ஹானா என்ற கேள்வி வரும். அதற்குத்தான் தூரத்துச் சொந்தமாக 200 டென்மார்க்காரர்களைச் சேர்த்தார்கள். அண்ணன் தம்பி இருவரில் யார் பேச்சு மாறிப் போயிருக்கிறது என்று அறிய, ஊரில் இருக்கும் சித்தப்பா மகனைப் பேசச் சொல்லிக் கேட்பது மாதிரி. டென்மார்க்காரரும் ஹானும் ஒத்துப்போய், திபெத்தியர் மட்டும் விலகி நின்றால், மாற்றம் திபெத்தியக் கிளையில் நடந்தது என்று அர்த்தம்.

அப்படிப் பார்த்தபோது ஒரே ஒரு மரபணு எல்லாவற்றுக்கும் மேலே எழுந்து நின்றது. இபாஸ்1 என்று பெயர், இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. முன்னால் சொன்ன ஹிஃப் புரதங்களில் ஒன்றை உண்டாக்கும் மரபணு இது. ஆளுக்கு இரண்டு பிரதி உண்டு. அதன் ஒரு மாற்று வடிவம் திபெத்தியரின் 100 பிரதிகளில் 87-இல் இருந்தது, ஹான் சீனரின் 100 பிரதிகளில் 9-இல் மட்டும். அந்த வடிவம் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் சிவப்பணு குறைவாகவும் இருந்தது. அதாவது, இன்னும் சிவப்பணு உண்டாக்கு என்ற அந்தக் கூச்சலை இது தணித்து வைக்கிறது.

87, 9. இந்த இரண்டு எண்ணையும் உங்கள் பதாகையில் வைத்துப் பாருங்கள். திபெத்தியர், ஹான் இருவரும் 'மங்கோலிய இனம்' என்ற ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவருக்கு மலை ஒத்துக்கொள்கிறது. மற்றவர் திபெத்தின் லாசாவுக்குக் குடிபோனால் நாள்பட்ட மலைநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு திபெத்தியரைவிட அதிகம். கட்டம் எதையும் சொல்லவில்லை. சொல்வது அந்த ஒரு மரபணுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். 87 என்றால் 100 இல்லை. திபெத்தியரிலும் அந்த வடிவம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஹானிலும் அது இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆளின் முகத்தைப் பார்த்து அவர் இபாஸ்1 எப்படி என்று சொல்ல முடியாது.

இந்த ஆய்வில் பலவீனமான இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. திபெத்தியரும் ஹானும் பிரிந்து 2,750 ஆண்டுதான் ஆகிறது என்று அந்தக் குழு கணக்கிட்டது. தொல்லியலாளர்கள் ஏற்கவில்லை, திபெத்திய மேட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் இருப்பதால். எண்ணில் சர்ச்சை இருந்தாலும் இபாஸ்1 பற்றிய முடிவு அசையவில்லை. மற்ற இரண்டு குழுக்களும் வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு முறையில் அங்கேயே வந்து சேர்ந்தன.

அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது 2014-இல் தெரிந்தது. அதைச் சுற்றியுள்ள டிஎன்ஏ துண்டு இன்றைய வேறு எந்த மக்களிடமும் அப்படியே பரவலாக இல்லை. சைபீரியாவின் அல்தாய் மலையிலுள்ள டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் மரபணுவோடு அது பொருந்தியது. டெனிசோவர்கள் அழிந்துபோன ஒரு பழைய மனிதக் கிளை. எப்போதோ நம் முன்னோர் அவர்களோடு கலந்தபோது ஆசியாவின் ஒரு பகுதி மக்களுக்குள் அந்தத் துண்டு நுழைந்தது. சமவெளியில் அதற்குப் பெரிய பயன் இல்லை. பெரும்பாலான இடங்களில் அரிதாகத் தேங்கிக் கிடந்தது. மலையேறியவர்களிடம் மட்டும் அது தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. 'தூய இனத்தின் தகுதி' என்று உங்கள் பதாகை காட்டுவது, கலப்பில் கிடைத்த சொத்து.

சரி, மலையில் வாழும் மற்றவர்கள்? ஆண்டிஸ் மலையின் அய்மாரா, கெச்சுவா மக்களின் மூதாதையர் பல ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆசியாவிலிருந்துதான் அமெரிக்கா போனார்கள். பழைய இனப் பட்டியல்கள் சில அவர்களையும் 'மங்கோலிய' கட்டத்திலேயே தள்ளின. ஆனால் திபெத்தியரின் அந்த இபாஸ்1 வடிவம் அவர்களை உயரத்துக்குப் பழக்கவில்லை. வேறு மரபணு மாற்றங்களோடு, அதிக ஹீமோகுளோபினோடு வாழ்கிறார்கள். மோங்கே தான் விவரித்த நோயை முதலில் பார்த்ததும் அவர்களிடையேதான். ஒரே நெருக்கடிக்கு இரண்டு ஊர், இரண்டு விடை.

எத்தியோப்பியாதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். வகுப்பில் எப்போதும் இதைத்தான் கடைசியாகச் சொல்வேன். அங்கே சிமியன் மலையில் 3,500 மீட்டரில் வாழும் அம்ஹாரா ஆண்களின் சராசரி ஹீமோகுளோபின் 15.9. ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 95 விழுக்காட்டுக்கு மேல். கடல்மட்டத்து ஆளின் ரத்தம் மாதிரியே இருக்கிறது. திபெத்தியருக்கு அந்தச் செறிவு கிடையாது. இது மூன்றாவது வழி. இவர்களிடம் தேர்வின் தடயம் தெரிந்ததும் திபெத்தியரின் இபாஸ்1-இல் இல்லை, வேறு மரபணுக்களில். அதே எத்தியோப்பியாவில் பாலே மலையில் ஒரோமோ மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் அந்த உயரத்துக்கு ஏறி ஏறக்குறைய 500 ஆண்டுதான் ஆகிறது. அம்ஹாரா நிலத்தில் மலைவாழ்வு பல ஆயிரம் ஆண்டு பழையது. ஒரோமோக்களின் ஹீமோகுளோபின் அம்ஹாராக்களைவிடக் கூடுதல். இருவரும் ஒரே நாடு, மரபணுவில் நெருங்கிய உறவு, நிறம் ஒன்று, உங்கள் பதாகையில் கட்டமும் ஒன்று. வித்தியாசத்தை உண்டாக்கியது எவ்வளவு காலம் எந்த உயரத்தில் இருந்தார்கள் என்பது.

ஏன் இப்படி? தோல் நிறம், முடி, கண் வடிவம் இவற்றுக்கான மரபணுக்கள் ஓர் இடத்தில் இருக்கின்றன, உயரத்துக்கானவை வேறிடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் தாய் தந்தை மரபணுக்கள் சீட்டுக்கட்டு போலக் கலைக்கப்படுகின்றன. தேர்வு ஒரு சீட்டைப் பிடித்து இழுத்தால் அந்தச் சீட்டும் அதற்கு மிக அருகில் ஒட்டியிருப்பவையும் மட்டும் மேலே வரும். மற்றவை அதோடு வர வேண்டிய கட்டாயம் இல்லை. நிறத்தை இழுப்பது வெயில். சிவப்பணுவை இழுப்பது காற்றழுத்தம். வெயிலின் வரைபடமும் உயரத்தின் வரைபடமும் ஒன்றாக இல்லாதபோது, ஒன்றை வைத்துப் போட்ட கட்டம் மற்றொன்றுக்கு எப்படிப் பொருந்தும்?

பரம்பரை என்று ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. திபெத்தியத் தாயிடமிருந்து பிள்ளைக்கு அந்த இபாஸ்1 வடிவம் வருவது பரம்பரைதான். வம்சாவளியை மரபணுவில் படிக்கவும் முடியும். அதற்கு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது, பதாகையில் அதைப் போட்டிருக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் ஈடுபட்ட ஆய்வில், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற அடையாளம் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் கிளம்பி வந்த ஒரு வழியின் சுவடு அது. நம்மூர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வது நியாயமே. ஆனால் எம்130 உடலுக்கு எதையும் செய்வதாகத் தெரியவில்லை. ஆணின் ஒய் குரோமோசோமில் தகப்பன் வழியாக மட்டும் வரும் ஒரு முத்திரை அது, தபால் உறையின் மேலுள்ள ஊர்முத்திரை போல. அதே முத்திரை மங்கோலியர்களிடம் பரவலாக இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. உங்கள் கட்டங்களில் மூன்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. எங்கிருந்து வந்தோம் என்று அது சொல்லும். எதற்குத் தாக்குப்பிடிப்போம் என்று சொல்லாது.

கட்டம் தவறாக இருப்பதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். உயரத்துக்கு ஏற்ப ஹீமோகுளோபின் அளவைத் திருத்தி ரத்தசோகையைக் கணக்கிடும் வழக்கம் மருத்துவத்தில் உண்டு. உயரத்தில் எல்லோருக்கும் அது ஏறும் என்ற அனுமானத்தில் போட்ட திருத்தம். அதைத் திபெத்தியப் பெண்ணுக்குப் போட்டால், நல்ல உடம்பாக இருப்பவள் ரத்தசோகைக்காரி ஆகிவிடுவாள். அவளுக்குத் தேவையில்லாத இரும்பு மாத்திரை போய்ச் சேரும். ஒரு மக்களின் அளவை இன்னொரு மக்களுக்கு மாட்டுவதன் விலை இது.

ஒரு சொல் பற்றியும் சொல்ல வேண்டும். 'இனம்' என்ற நம் சொல் தாராளமானது. மான் இனம் என்போம், தமிழினம் என்போம், இன்ன சாதியார் எங்கள் இனம் என்போம், கடையில் கூட எத்தனை இனம் என்று எழுதுவோம். இத்தனை வேலை செய்யும் சொல்லை உயிரியல் பதாகையில் வைத்தால், படிக்கிற பிள்ளை தனக்குத் தெரிந்த பொருளைத்தான் எடுத்துக்கொள்ளும். 'இந்த உயரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மக்கள்' என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் அதில் உயரமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது.

அடுத்த கண்காட்சி மேலூர்ப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் அந்தப் பதாகையை எடுத்துவிடுங்கள். பளியர் குடும்பத்தின் படத்தைக் கட்டாயம் எடுங்கள். அவர்களிடம் அனுமதி கேட்டிருந்தால், ஏன் எடுத்தீர்கள் என்பதையும் போய்ச் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரே உலக வரைபடத்தில் லாசா, பொலிவியாவின் லா பாஸ், சிமியன், பாலே நான்கையும் குறித்து, பக்கத்தில் அந்தந்த ஊர் மக்களின் ஹீமோகுளோபின் எண்ணையும் எழுதலாம். வரைபடத்தை நானே வரைந்து தருகிறேன். மேசைக்கு மூன்று கண்ணாடிக் குழாய், மூன்று பதத்தில் பாகு, ஒரே மாதிரி உறிஞ்சு குழாய்கள் போதும். பிள்ளைகள் தாங்களே இழுத்துப் பார்க்கட்டும், கெட்டி ரத்தம் என்றால் என்னவென்று கைக்குத் தெரியும். பாகு காய்ச்சுவது என் பொறுப்பு.

அந்த மாணவியை விடுதியில் விசாரித்து அழைத்து வர முடிந்தால், மேசைக்குப் பின்னால் நின்று விளக்குகிறவள் அவளாகவே இருக்கட்டும். எந்தச் சனிக்கிழமை வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள், நான் வந்து அவளுக்குச் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை, மதுரை